அக்காவின் பாட்டுப் புத்தகமும் ஒரு புள்ளியும்



பதிவு கொஞ்சம் நீளம். காபி ஆறுவதற்குள் முடியாது. ஆனால் நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒருவர், "பாட்டுப் புத்தகம் முழுக்க போட்டோ எடுத்தாச்சு, இனி அந்தப் பழைய புத்தகத்தை பேப்பர்காரரிடம் போட்டுடலாமே" என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இடம் அடைக்கிற பொருளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் போடக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அதற்கு நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அக்கா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவளிடம் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் உண்டு. அட்டை போய்விட்டது, முதல் சில பக்கங்களும் இல்லை. குழந்தைகளுக்கான பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்தியம். அச்சு பல இடங்களில் மங்கியிருக்கும். அக்கா அங்கங்கே பென்சிலால் திருத்தி வைத்திருப்பாள். அதில் மோகன ராகத்தில் ஒரு பாட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. கச்சேரியில் யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஒலிப்பதிவும் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

பெங்களூரில் இருக்கும் அக்கா பேத்தி இரண்டு வருஷமாகப் பாட்டு கற்கிறாள். முதல் வருஷத் திதி அன்று மாலையில் பாட்டியின் பாட்டைப் பாட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மருமாள் இங்கே வந்திருந்தபோது பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் போனாள். பேத்தி அந்தப் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, ஸ்வரங்களை அழகாகத் தட்டச்சு செய்து, "தாத்தா, சரியான்னு பாருங்க" என்று எனக்கு அனுப்பினாள். எனக்குப் பாட வராது. ஆனால் அக்கா பாடும்போது முப்பது வருஷம் தாளம் போட்டவன், கணக்கு வாத்தியாரும் கூட. பார்த்து, ஒரு திருத்தம் சொல்லி, "இப்போது சரியாக இருக்கிறது" என்று பதில் போட்டேன். அது சரியில்லை.

எங்கே தவறினேன் என்று சொல்வதற்கு முன், ஸ்வரம் எழுதும் முறை தெரியாதவர்களுக்காக இரண்டு விஷயம். தெரிந்தவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிக்கொள்ளலாம்.

நம் புத்தகங்களில் ஸ்வரம் ச ரி க ம ப த நி என்று எழுத்தாகவே இருக்கும். எழுத்து இரண்டு செய்தியைச் சொல்ல வேண்டும். ஒன்று, எவ்வளவு நேரம். குறில் என்றால் ஒரு அளவு, நெடில் என்றால் இரண்டு. க என்றால் ஒன்று, கா என்றால் இரண்டு. காற்புள்ளி ஒரு அளவு நீட்டிப்பு, அரைப்புள்ளி இரண்டு அளவு. எழுத்துகளின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தால் அந்தப் பகுதி இரட்டை வேகம். இரண்டாவது செய்தி, எவ்வளவு உயரம். எழுத்தின் தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, அடியில் புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி, புள்ளி இல்லாவிட்டால் நடு ஸ்தாயி. இங்கே எனக்குத் தலைப்புள்ளி தட்டச்சு செய்யத் தோதில்லை. அதனால் மேல் ஸ்தாயிக்கு எழுத்துக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போடுகிறேன். ச' என்றால் மேல் ஸட்ஜம்.

இப்போது சிக்கல் வந்த ஆவர்த்தனத்தைப் பாருங்கள். புத்தகத்தில் இருந்தது இது.

கா ப த | ச' ரி' | ச' த ||

ஆதி தாளம். முதலில் லகு, அதாவது ஒரு தட்டும் மூன்று விரலும், நாலு அட்சரம். பிறகு இரண்டு திருதம், ஒவ்வொன்றும் ஒரு தட்டும் ஒரு வீச்சும், இரண்டிரண்டு அட்சரம். மொத்தம் எட்டு. மேலே உள்ள வரியில் கா இரண்டு, ப ஒன்று, த ஒன்று, ஆக நாலு. பிறகு இரண்டு, பிறகு இரண்டு. கணக்குச் சரி. இசையும் இயல்பு. க-வில் நின்று, ப, த என்று ஏறி, மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, மேல் ரிஷபத்தை எட்டிப் பார்த்து, திரும்பி த-வுக்கு இறங்குகிறது.

போன் இந்த வரியை எப்படிப் படித்தது என்று பிறகுதான் பேத்தியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது இப்படி இருந்தது.

கா ப த | ச் ரீ | ச் த ||

தமிழ் தெரிந்தவர்களுக்கு நடந்தது உடனே புரியும். நம் எழுத்தில் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. ச-வின் தலையில் இருந்த ஸ்தாயிப் புள்ளியை அது மெய்ப்புள்ளி என்று எடுத்துக்கொண்டு ச் என்று எழுதிவிட்டது. ரி-யின் தலையில் இருந்த புள்ளியோ, ரி-யின் மேல்விலங்கின் வளைவோடு ஒட்டிக்கொண்டு சுழி போலத் தெரிந்திருக்கிறது. ரி-க்கும் ரீ-க்கும் அந்தச் சுழி ஒன்றுதானே வித்தியாசம். அதனால் ரி' என்பது ரீ ஆகிவிட்டது. நி-யும் நீ-யும் இதே வழிதான். இரண்டு எழுத்திலும் இருந்தது ஒரே புள்ளி. ஒரு இடத்தில் அது எழுத்தை மெய்யாக்கியது, இன்னொரு இடத்தில் குறிலை நெடிலாக்கியது.

பேத்தி புத்திசாலி. "ச்-னு ஒரு ஸ்வரம் இல்லையே, தாத்தா, தப்பா படிச்சிருக்குன்னு புள்ளிய எடுத்துட்டேன்" என்றாள். அவள் சொன்னதும் சரி, ச் என்று ஒரு ஸ்வரம் கிடையாது. ஆனால் போன் அறியாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒரே தடயம் அந்தப் புள்ளிதான். எழுத்துப் பிழை என்று திருத்தியதில் ஸ்தாயி போய்விட்டது. எனக்கு வந்த வரி இது.

கா ப த | ச ரீ | ச த ||

நான் எண்ணினேன். நாலு, மூன்று, இரண்டு. மொத்தம் ஒன்பது. ஆதி தாளத்தில் ஒன்பது வராது, முதல் திருதத்தில் ஒன்று கூடுதல், எனவே ரீ என்பது ரி ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அதுவரை என் வேலை சரி. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிட்டேன். ரி ஏன் ரீ ஆனது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், அதன் தலையில் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். யோசிக்கவில்லை. கணக்கு எட்டு வந்ததும் சரி என்று எழுதிவிட்டேன்.

கா ப த | ச ரி | ச த ||

இதைத்தான் குழந்தை ஒரு மாதம் சாதகம் செய்தாள்.

திதி அன்று சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் பாடினாள். சுருதி சுத்தம், தாளம் பிசகவில்லை. சின்ன வயதில் அக்காவிடம் பாட்டுக் கற்ற ஒரு அம்மா வந்திருந்தார், இப்போது அவருக்கே அறுபது நெருங்குகிறது. பாட்டு முடிந்ததும் குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, "ரொம்ப நன்னா பாடினே கண்ணு. ஆனா உங்க பாட்டி இந்த எடத்துல கீழ எறங்க மாட்டாங்க. மேல போவாங்க. அங்கதான் எங்களுக்கெல்லாம் தொண்டை வராது, பாட்டி சிரிப்பாங்க" என்றார். நான் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து பார்த்தேன். மூன்று எழுத்திலும் புள்ளி இருந்தது. முதல் ச-வின் மேல் அச்சில் மங்கியிருந்ததை அக்கா பென்சிலால் அழுத்தி வைத்திருந்தாள்.

குழந்தை அழவில்லை. "அப்ப நான் பாடினது பாட்டி பாட்டு இல்லையா, தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெளிவானது இதுதான். படத்திலிருந்து ஸ்வரம் படிக்கும்போது இரண்டு வகைத் தவறு வரும். நேரத் தவறு, உயரத் தவறு. நேரத் தவறைத் தாளக் கணக்கு பிடித்துவிடும். உயரத் தவறைத் தாளக் கணக்கு பிடிக்கவே பிடிக்காது.

நேரத் தவறுக்கு உதாரணம் பாருங்கள். அரைப்புள்ளியின் மேல் புள்ளி மங்கினால் அது காற்புள்ளி ஆகிவிடும். இரண்டு அளவு ஒன்றாகும், ஆவர்த்தனம் ஒன்று குறையும். மேல்கோடு விழுந்துவிட்டால், இரட்டை வேகத்தில் நாலு ஸ்வரம் இரண்டு அட்சரத்தில் அடங்க வேண்டியது நாலு அட்சரம் கேட்கும், ஆவர்த்தனம் இரண்டு கூடும். நெடில் குறிலானால் ஒன்று குறையும், குறில் நெடிலானால் ஒன்று கூடும். கூடினாலும் குறைந்தாலும் தட்டும் விரலும் சொல்லிக் கொடுத்துவிடும். மொத்தத்தை மட்டும் பார்க்காமல், லகு தனியாக, திருதம் தனியாக எண்ணுங்கள். ஒரு அங்கத்தில் ஒன்று கூடி இன்னொன்றில் ஒன்று குறைந்தால் மொத்தம் எட்டே வரும், தவறு ஒளிந்துகொள்ளும். குறுக்குக் கோடுகள் அச்சில் இருப்பது இதற்கும் உதவும்.

உயரத் தவறு அப்படியில்லை. மேல் ஸட்ஜமும் ஒரு அளவு, நடு ஸட்ஜமும் ஒரு அளவு. புள்ளி இருந்தாலும் எட்டு, போனாலும் எட்டு. ராகமும் கெடாது, ஏனென்றால் எந்த ஸ்தாயியில் இருந்தாலும் ச ச-தான், ரி ரி-தான். அதனால்தான் கணக்குத் தெரிந்தவனும் ஏமாறுகிறான், ராகம் தெரிந்த குழந்தையும் ஏமாறுகிறாள்.

பின்னே எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இப்போது வைத்திருக்கும் வழி, தாவலைப் பார்ப்பது. தவறாக எழுதிய வரியை இன்னொரு தரம் பாருங்கள். க, ப, த என்று படி ஏறி வந்தவர் திடீரென்று நடு ஸட்ஜத்துக்குக் குதிக்கிறார். மோகனத்தில் த-வுக்கும் கீழே உள்ள ச-வுக்கும் நடுவே ப, க, ரி என்று மூன்று படி. மூன்றையும் தாண்டிக் குதித்து, ச ரி ச என்று மூன்று ஸ்வரம் கீழே உலாத்திவிட்டு, மறுபடி அதே மூன்று படியைத் தாண்டி த-வுக்கு எகிறுகிறார். ஒரு தாவல் மட்டும் இருந்தால் அது பாட்டின் அழகாக இருக்கலாம், நம் இசையில் தாட்டு ஸ்வரம் உண்டு. ஆனால் ஒரு சின்னத் துண்டின் முன்னால் ஒரு தாவலும் பின்னால் திரும்பி வருகிற ஒரு தாவலும் இருந்து, அந்தத் துண்டை அப்படியே ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்தால் இரண்டு தாவலும் மறைந்து வழி சமனாகிவிடுகிறது என்றால், புள்ளி போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இது சந்தேகத்துக்குத்தான் போதும், தீர்ப்புக்குப் போதாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது அச்சுப் பக்கம். அல்லது பாட்டைக் கேட்ட ஒருவர்.

கீழ் ஸ்தாயிப் புள்ளிக்கு இன்னொரு ஆபத்து. அது எழுத்தின் அடியில் இருக்கும். அதற்கு நேர் கீழே சாகித்திய வரி. அங்கே ன் என்றோ ம் என்றோ ஒரு மெய்யெழுத்து இருந்தால் அதன் தலையில் ஒரு புள்ளி. வரிகளுக்கிடையே இடைவெளி குறைவாக இருக்கும் புத்தகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். படம் கொஞ்சம் கலங்கினால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும். ஸ்வரத்தின் புள்ளியைச் சாகித்தியம் வாங்கிக்கொள்ளும். கண்ணால் படிப்பவர்களும் இதில் ஏமாறுவார்கள். சாகித்தியத்தைச் சொல்லாகப் படித்துப் பார்த்தால் அந்த எழுத்துக்கு மெய்ப்புள்ளி தேவையா இல்லையா என்று தெரியும். தேவை என்றால் அங்கே இரண்டு புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இனிப் படம் எடுப்பது பற்றி. மருமாள் எடுத்த படத்தில் குற்றம் சொல்ல மாட்டேன், நாம் எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் போனில் காகிதங்களை ஸ்கேன் செய்யும் செயலிகள் பக்கத்தை வெள்ளை வெளேரென்று ஆக்கி எழுத்தைக் கறுப்பாக்கித் தருகின்றன. பில்லுக்கும் சான்றிதழுக்கும் அது நல்லது. பாட்டுப் புத்தகத்துக்கு ஆகாது. மங்கலான சின்னப் புள்ளி அதற்கு அழுக்கு. பென்சில் கோடும் அழுக்கு. அக்கா வைத்த புள்ளிகளில் பாதி அந்த வெளுப்பில் போய்விட்டன. அதனால் கறுப்பு வெள்ளை ஆக்காமல் நிறத்தோடு சாதாரணப் படமாக எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். புத்தகத்தின் நடுமடிப்பில் பக்கம் வளைந்து எழுத்து நெருங்கும், அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகச் சமப்படுத்தி, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். முழுப் பக்கம் ஒன்று, பிறகு மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அங்கே போய்ச் சேர்ந்த படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை மூடவேண்டும்.

புள்ளி போவது ஒரு பக்கம் என்றால், இல்லாத புள்ளி முளைப்பது இன்னொரு பக்கம். பழைய புத்தகத்தில் ராமபாணப் பூச்சி துளை போட்டிருக்கும், காகிதத்தில் பழுப்புப் பொட்டு விழுந்திருக்கும். ப-வின் தலைக்கு மேல் ஒரு துளை இருந்தால் படத்தில் அது மேல் பஞ்சமம். கையில் புத்தகம் இருந்தால் தாளைத் திருப்பிப் பார்ப்போம். துளை என்றால் மறுபக்கமும் அதே இடத்தில் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி வரும். விரலால் தடவினாலே தெரியும். படத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. மறுபக்கத்தையும் படம் எடுத்து, இடம் வலமாக மாற்றி ஒப்பிட்டால் ஓரளவு தெரியலாம். யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலைப் பற்றி உங்களில் இசை கற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கமகங்களுக்கும் குறி உண்டு. மூன்று புள்ளி, ஒன்று மேலேயும் இரண்டு கீழேயும் இருந்தால் ஸ்புரிதம். அதையே தலைகீழாக, இரண்டு மேலேயும் ஒன்று கீழேயும் போட்டால் பிரத்யாகதம். கலங்கிய படத்தில் அது இரண்டும் ஒரே பொட்டு. அவ்வளவு கவனமாக எழுதி வைத்ததை இவ்வளவு அவசரமாகப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சின்னப் புத்தகத்தில் கமகக் குறி ஒன்றும் இல்லை, இருப்பது ஸ்தாயிப் புள்ளி மட்டும்தான். அதையாவது விடாமல் காப்பாற்ற வேண்டாமா?

இன்னொன்று. பாட்டு இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, தலைப்பு இருக்கும் முந்தைய பக்கத்தை விட்டுவிடுகிறோம். தலைப்பில்தான் ராகம், தாளம், ஆரோகணம், அவரோகணம் இருக்கும். ச ரி க ப த என்ற ஐந்து எழுத்தும் மோகனத்துக்கும் உண்டு, பூபாளத்துக்கும் உண்டு. மோகனத்தில் ரி, க, த மூன்றும் சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சதுச்ருதி தைவதம். பூபாளத்தில் அதே எழுத்துகள் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம். எழுத்து ஒன்று, பாட்டு வேறு. எண் போடாத புத்தகத்தில் தலைப்பு இல்லாமல் ஸ்வர வரியை மட்டும் அனுப்பினால், வாங்குகிறவர் எதைப் பாடுவார்?

சிலர் கேட்கலாம், "சார், நம்ம சங்கீதம் காதால கத்துக்கறது, எழுதி வெச்சுப் படிக்கறதே இல்லையே, எதுக்கு இவ்வளவு?" என்று. ஒப்புக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தால் புத்தகம் துணைக்குத்தான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்றால் படத்தில் புள்ளி போனாலும் காது நிரப்பிவிடும். சரளி வரிசையில் ஏறி முடியும் ச-வுக்குப் புள்ளி இல்லை என்று யாராவது கீழே பாடுவார்களா? ஆனால் பாடத் தெரிந்தவர் போய்விட்ட பாட்டுக்குக் காது இல்லை. அன்று அந்த அம்மா வராமல் இருந்திருந்தால், தவறான வரிதான் இனி அக்கா பாட்டு. குழந்தை அதைத் தன் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். கணக்கும் சரியாக இருந்திருக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். படம் எடுங்கள், எல்லாப் பக்கமும் எடுங்கள், எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படம் என்பது பக்கத்தைப் பார்த்த ஒருவர் சொன்ன சாட்சி மாதிரி. அவர் விட்டதை நாம் கேட்க முடியாது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கப் பக்கம் இருக்க வேண்டும். புத்தகம் என்னிடமே இருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். யாருக்காவது சந்தேகம் என்றால் போன் பண்ணுங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்திலிருந்து எடுத்த ஸ்வரத்தில் ச், க், ப் என்று மெய்யெழுத்து வந்தால் உடனே புள்ளியை அழிக்காதீர்கள். அது பெரும்பாலும் மேல் ஸ்தாயி. ரீ, நீ வந்து கணக்கில் ஒன்று கூடினால், குறிலாக்குவதோடு விடாமல் அதன் தலையில் புள்ளி இருந்ததா என்றும் பாருங்கள். என் மாதிரி எட்டு வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள்.

வகுப்பில் நான் உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், விடை சரியாக வந்தால் மட்டும் போதாது, வழி எங்கே என்று. வழி எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண் குறைத்ததற்காக என்னைத் திட்டியவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த முறை வழியைப் பார்க்காமல் விடைக்குச் சரி போட்டவன் நான். சிவப்பு மையால் எனக்கே ஒரு சுழி.

பேத்தி இப்போது சரியான வரியைச் சாதகம் செய்கிறாள். மேல் ரிஷபத்தில் தொண்டை இன்னும் நடுங்குகிறது. நேற்று போனில் பாடிக் காட்டிவிட்டு, "தாத்தா, இந்த எடத்துலதான் பாட்டி சிரிப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்